ஐந்து ஞாயிறும் அப்பம்: ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வரும்போது மறையுரைக்கு எதை எடுப்பது?

திருவழிபாட்டின் மூன்று ஆண்டுச் சுழற்சியில் இரண்டாம் ஆண்டில், ஜூலை கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் முடியும் வரை, ஐந்து ஞாயிறும் நற்செய்தி யோவான் 6ஆம் அதிகாரத்திலிருந்தே வருகிறது. முதல் வாரம் அப்பம் பலுகுகிறது. அடுத்த நான்கு வாரமும் அந்த அப்பத்தைப் பற்றிய பேச்சுதான். வாசகத்தை நாம் மாற்ற முடியாது. ஆனால் வாசிக்கப்படும் பகுதிகளில் எதைப் பிடித்துக்கொண்டு மறையுரை ஆற்றுவது என்பது நம் கையில் இருக்கிறது. மூணாறு மலையில் தமிழ்ப் பங்குகளுக்குப் புதிதாக வரும் இளம் குருக்களுக்கும் திருத்தொண்டர்களுக்கும், குரு வர முடியாத ஞாயிறுகளில் இறைவார்த்தை வழிபாடு நடத்தும் உபதேசியார்களுக்கும் இதை எழுதுகிறேன். 2027இல் இந்த ஐந்து வாரங்கள் மீண்டும் வருகின்றன.

2012இல் இந்த வரிசை எனக்கு முதல்முறையாக வந்தது. முதல் ஞாயிறே நற்கருணையைப் பற்றி எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டாம் வாரம் அதையே வேறு சொற்களில் சொன்னேன். மூன்றாம் வாரம் திருப்பலி முடிந்து வாசலில் நின்றபோது, கொழுந்து எடுக்கும் ஒரு வயதான அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “சாமி, இது போன வாரம் சொன்னதுதானே? நான் தவறாகக் கேட்டுவிட்டேனா?” என்று கேட்டார். தவறு தன் காதில்தான் இருக்கும் என்று அவர் எண்ணியது என்னை இன்றுவரை உறுத்துகிறது. அந்த வாரம் முதல் நான் வேலை செய்யும் முறையை மாற்றிக்கொண்டேன்.

முதலில் ஐந்து வாரத்தையும் ஒரே தாளில் எழுதுங்கள்

சனிக்கிழமை இரவு ஒரு ஞாயிறை மட்டும் திறந்து பார்ப்பவருக்கு ஐந்தும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஜூலை முதல் வாரத்திலேயே வாசகங்களை வரிசையாக எழுதி மேசையில் வைத்துவிடுங்கள்:

பொதுக்காலம் 17ஆம் ஞாயிறு: 2 அரசர்கள் 4:42-44, எபேசியர் 4:1-6, யோவான் 6:1-15
18ஆம் ஞாயிறு: விடுதலைப் பயணம் 16:2-4, 12-15, எபேசியர் 4:17, 20-24, யோவான் 6:24-35
19ஆம் ஞாயிறு: 1 அரசர்கள் 19:4-8, எபேசியர் 4:30 – 5:2, யோவான் 6:41-51
20ஆம் ஞாயிறு: நீதிமொழிகள் 9:1-6, எபேசியர் 5:15-20, யோவான் 6:51-58
21ஆம் ஞாயிறு: யோசுவா 24இலிருந்து சில வசனங்கள், எபேசியர் 5:21-32, யோவான் 6:60-69

பதிலுரைப்பாடலையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். 19, 20, 21 ஆகிய மூன்று ஞாயிறுகளுக்கும் திருப்பாடல் 34தான். ஆண்டவர் எத்துணை இனியவர் என்று சுவைத்துப் பார்க்கச் சொல்லும் பாடல் அது. பாடகர் குழு மூன்று வாரமும் ஒரே மெட்டில் பாடினால், மறையுரை தொடங்கும் முன்பே மக்கள் மனத்தில் “பழையது” என்ற எண்ணம் விழுந்துவிடும். இதை முன்கூட்டியே குழுவிடம் சொல்லிவிட்டால் போதும்.

தாளை எழுதிய கையோடு, எந்த ஞாயிறு எஸ்டேட்டின் எந்த டிவிஷனில் திருப்பலி என்பதையும் ஓரத்தில் எழுதுங்கள். இதைப் புதியவர்கள் யோசிப்பதே இல்லை. தலைமைப் பங்கில் வாரந்தோறும் திருப்பலி உண்டு. கிளைப்பங்குகளுக்கு மாதத்தில் ஒன்றோ இரண்டோதான். மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் திருப்பலி நடக்கும் டிவிஷன் மக்களுக்கு இந்த ஐந்து பகுதிகளில் ஒன்றுதான் மறையுரையோடு கிடைக்கும். ஐந்தையும் படித்துச் சலித்தவர் நீங்கள். அவர்களுக்கு அது புதிது. அங்கே போய் “சென்ற வாரம் பார்த்தோம்” என்று தொடங்கினால், பாதிக் கதையில் நுழைந்த விருந்தாளிபோல அவர்கள் விழிப்பார்கள். அந்த இடங்களில் ஐந்து வரியில் முன்கதையைச் சொல்லிவிட்டு, அன்றைய நற்செய்தியையே எடுங்கள். புதிய வழி தேட வேண்டியது ஐந்து வாரமும் அதே முகங்கள் அமர்ந்திருக்கும் கோயிலில்தான்.

இந்த வாசகங்கள் எப்படி வந்தன என்று தெரிந்துகொள்ளுங்கள்

1969இல் வெளிவந்த வாசக ஒழுங்கில் மூன்று ஆண்டுகளுக்கு மூன்று நற்செய்தியாளர்கள் ஒதுக்கப்பட்டார்கள். முதல் ஆண்டு மத்தேயு, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா. நால்வரில் மாற்குதான் மிகச் சிறியவர், 16 அதிகாரம் மட்டுமே. 16ஆம் ஞாயிறு மாற்கு 6:30-34 வாசிக்கிறோம். ஆயனில்லா ஆடுகளைப் போல் இருந்த மக்களைக் கண்டு இயேசு பரிவுகொள்வதோடு அது நிற்கிறது. அடுத்த வசனத்திலிருந்து மாற்குவும் அப்பம் பலுகிய நிகழ்ச்சியைத்தான் சொல்கிறார். அந்த இடத்தில் மாற்குவை நிறுத்திவிட்டு, அதே நிகழ்ச்சியை விரிவான உரையோடு தரும் யோவானை உள்ளே கொண்டுவந்திருக்கிறார்கள். 22ஆம் ஞாயிறு மீண்டும் மாற்கு 7க்குத் திரும்புகிறோம்.

தேர்வுக்கு உதவும் செய்தி இதற்கு அடுத்தது. பொதுக்கால ஞாயிறுகளில் முதல் வாசகம் நற்செய்தியோடு பொருந்தும்படி தேர்ந்தெடுக்கப்பட்டது. இரண்டாம் வாசகம் அப்படி அல்ல. அது ஒரு திருமுகத்தைத் தொடர்ச்சியாக வாசித்துக்கொண்டு தன் போக்கில் ஓடுகிறது. இரண்டாம் ஆண்டில் 15 முதல் 21ஆம் ஞாயிறு வரை எபேசியர், 22 முதல் 26 வரை யாக்கோபு. ஆகவே அப்பத்துக்கும் எபேசியருக்கும் முடிச்சுப் போட்டாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. புதிய குருக்கள் பலர் மூன்று வாசகத்தையும் ஒரே கயிற்றில் கட்ட முயன்று, இல்லாத தொடர்பை உண்டாக்கி, அதை விளக்கவே நேரத்தைச் செலவழித்துவிடுகிறார்கள். இரண்டு ஓட்டங்கள் இருக்கின்றன. ஒரு ஞாயிறுக்கு ஒன்றைப் பிடியுங்கள்.

மறையுரை வாசகங்களில் ஒன்றை விளக்கலாம், அல்லது அன்றைய திருப்பலியின் மற்றொரு பகுதியை, பதிலுரைப்பாடலையோ மன்றாட்டையோ நற்கருணை மன்றாட்டையோ விளக்கலாம் என்று திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை இடம் தருகிறது. எல்லா வாரமும் நற்செய்தியையே எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

எல்லைப் பகுதியில் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பக்கத்திலுள்ள சீரோ மலபார் பங்கின் நண்பரிடம் குறிப்பு வாங்கிப் பயன்படுத்த முடியாது. அவர்களுக்குத் தனி நாள்காட்டி உண்டு. நாம் பொதுக்காலத்தில் இருக்கும் இந்த வாரங்களில் அவர்கள் பெரும்பாலும் கைத்தா காலத்தில் இருப்பார்கள், வாசகமும் வேறு. இலத்தீன் வழிபாட்டு முறை மலையாளத் திருப்பலியில் மட்டும் நம் வாசகங்களே இருக்கும்.

அந்த வாரத்துக்கு மட்டும் உரிய சொல்லைத் தேடுங்கள்

ஒரு பென்சிலை எடுத்து, ஐந்து நற்செய்திப் பகுதிகளிலும் மீண்டும் வருவதையெல்லாம் மெல்லக் கோடிட்டு விலக்குங்கள். “வாழ்வு தரும் உணவு நானே”, “விண்ணகத்திலிருந்து இறங்கி வந்த”, “என்றுமே வாழ்வர்” போன்றவை போய்விடும். மிஞ்சி நிற்பதுதான் அந்த ஞாயிற்றுக்கே உரியது. 17இல் ஒரு சிறுவனும் வாற்கோதுமையும். 18இல் “நீங்கள் வயிறார உண்டதால்தான் என்னைத் தேடுகிறீர்கள்” என்ற பேச்சு. 19இல் “இவருடைய தாயும் தந்தையும் நமக்குத் தெரியாதவர்களா?” என்ற முணுமுணுப்பு. 20இல் சதையும் இரத்தமும். 21இல் விலகிப் போகிறவர்கள்.

17ஆம் ஞாயிறை நான் எப்படி எடுத்தேன் என்று சொல்கிறேன். அப்பம் பலுகிய நிகழ்ச்சி நான்கு நற்செய்திகளிலும் இருக்கிறது. ஆனால் அது வாற்கோதுமை அப்பம் என்றும், ஒரு சிறுவனிடம் இருந்தது என்றும் சொல்பவர் யோவான் மட்டுமே. முதல் வாசகத்தில் எலிசாவிடம் வருவதும் இருபது வாற்கோதுமை அப்பங்கள்தான், நூறு பேருக்கு. கோதுமையைவிட வாற்கோதுமை மலிவு, ஏழைகளின் தானியம். பாஸ்கா சமயத்தில்தான் அதன் அறுவடை. யோவானும் பாஸ்கா விழா அண்மையில் இருந்தது என்கிறார்.

இதைச் சொல்லும்போது இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கேரளத்தில் அப்பம் என்றால் காலைப் பலகாரம். நடுவில் பஞ்சுபோல், ஓரத்தில் சல்லடையாக இருக்கும் வெள்ளை அப்பம். மறைக்கல்வி வகுப்பில் ஒரு பையன், “ஐந்து அப்பத்துக்குக் கறி என்ன?” என்று உண்மையாகவே கேட்டான். அவன் மனத்தில் இருந்த படம் அது. வாற்கோதுமை என்ற சொல்லோ யாருக்கும் தெரியவில்லை. “பார்லி” என்றதும், கால் வீங்கினால் தண்ணீர் காய்ச்சிக் குடிப்போமே, அதுவா என்றார்கள்.

அந்த வாரம் மூணாறு கடைத்தெருவில் அரைக் கிலோ பார்லி வாங்கி, மாவாக்கி, கன்னியர் இல்லத்தில் ஐந்து ரொட்டி சுடச் சொன்னேன். கோதுமை மாவுபோல அது இழுபடவில்லை. தட்டும்போதே ஓரம் வெடித்தது. சாம்பல் நிறம், ஆறியதும் அட்டைபோல விறைத்துவிட்டது. ஞாயிறு மறையுரையில் அதைக் கையில் உயர்த்திக் காட்டி, பிய்த்தேன். பிய்க்கும் ஓசை முதல் வரிசைக்குக் கேட்டது. “இதுதான் அந்தப் பையனிடம் இருந்தது” என்றேன். நற்கருணையைப் பற்றி அன்று ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதற்குரிய ஞாயிறு பின்னால் வருகிறது என்று தாளில் இருந்தது.

ஒரு சோதனை உண்டு. எழுதி முடித்த மறையுரையில் தேதியை மறைத்துவிட்டு, மற்ற நான்கு ஞாயிறுகளில் ஒன்றில் இதை அப்படியே சொல்ல முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால் நீங்கள் இன்னும் வாசகத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை, தலைப்பைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள்.

உறுத்தும் வாசகம்: 18ஆம் ஞாயிறு

அழிந்துபோகும் உணவுக்காக உழைக்க வேண்டாம் என்கிறார் இயேசு. இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் நாள் கூலிக்குக் கொழுந்து எடுக்கும் பெண்கள். நிர்ணயித்த கிலோ நிறையாவிட்டால் கூலியில் அடி விழும். உணவுக்காக உழைக்காமல் அவர்கள் என்ன செய்வார்கள்? முதல் வாசகமோ பாலைநிலத்தில் முணுமுணுத்த மக்களைப் பற்றியது. இரண்டையும் சேர்த்து, “முணுமுணுக்காதீர்கள், சோற்றை நினைக்காதீர்கள், விண்ணகத்தை நினையுங்கள்” என்று ஒரு மறையுரை தானாக உருவாகிவிடும். எஸ்டேட் கோயிலில் அதைச் சொன்னால் நிர்வாகத்தின் குரலாகத்தான் அது கேட்கும்.

உறுத்தல் வரும் இடத்தில் செய்ய வேண்டியது வாசகத்தை விட்டு ஓடுவதல்ல, அதை இன்னும் மெதுவாகப் படிப்பது. விடுதலைப் பயணம் 16இல் வாசிக்கப்படுவது 2 முதல் 4 வரை, பிறகு 12 முதல் 15 வரை. இறைச்சிப் பாத்திரத்தின் அருகில் அமர்ந்து வயிறார உண்ட எகிப்தை நினைத்து மக்கள் முணுமுணுக்கிறார்கள். அதற்குக் கடவுளின் மறுமொழி திட்டு அல்ல. முணுமுணுப்பைக் கேட்டேன் என்கிறார், மாலையில் இறைச்சியும் காலையில் அப்பமும் தருகிறார். பசித்தவரின் முணுமுணுப்பை அவர் மன்றாட்டாக எடுத்துக்கொண்டார். இதைச் சொல்ல வாசகத்துக்கு வெளியே போக வேண்டியதே இல்லை.

அடுத்து, வெட்டப்பட்ட வசனங்களையும், வாசகம் முடிந்த பிறகு வருவதையும் விவிலியத்தைத் திறந்து படித்துவிடுங்கள். வாசக நூலை மட்டும் பார்த்தால் இவை கண்ணில் படாது. 16:18இல் மன்னாவை அளந்து பார்த்தபோது, மிகுதியாகச் சேர்த்தவருக்கு மீதியில்லை, குறைவாகச் சேர்த்தவருக்குக் குறைவில்லை என்று இருக்கிறது. மாலையில் தராசுக்கு முன்னால் பையோடு வரிசையில் நிற்கிறவர்களுக்கு இந்த வசனத்துக்கு உரை தேவையில்லை. ஆனால் அது அன்று வாசிக்கப்படாத வசனம். “இப்போது வாசித்ததற்குச் சற்றுக் கீழே இப்படி எழுதியிருக்கிறது” என்று சொல்லிவிட்டே பயன்படுத்துங்கள்.

அதன்பின் நற்செய்திக்குத் திரும்பினால் அழிந்துபோகும் உணவு என்ற பேச்சு வேறு ஒளியில் தெரியும். அதைச் சொல்பவர் முந்தின நாள் ஐயாயிரம் பேருக்குச் சோறு போட்டவர். முதலில் உண்ணக் கொடுத்தார், பிறகு பேசினார். அந்த வரிசையை மறையுரையும் காக்க வேண்டும்.

2015 இரண்டாம் ஆண்டு. ஆகஸ்ட் 2 அன்று இந்த வாசகம் வந்தது. அடுத்த மாதமே போனசும் கூலியும் கேட்டுப் பெண் தொழிலாளர்கள் மூணாறு சாலையில் அமர்ந்தார்கள். பெம்பிளை ஒருமை என்று நாடே அறிந்த போராட்டம் அது. செப்டம்பர் 13 ஞாயிறு, 20 விழுக்காடு போனசுக்கான உடன்பாடு எட்டப்பட்ட நாள். அன்றைய இரண்டாம் வாசகம் யாக்கோபு 2:14-18. அன்றாட உணவில்லாத சகோதர சகோதரியிடம், தேவையானது எதுவும் கொடுக்காமல், நலமே சென்று வாருங்கள், பசியாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்வதால் பயன் என்ன என்று கேட்கும் பகுதி. இரு வாரம் கழித்து, செப்டம்பர் 27 அன்று யாக்கோபு 5:1-6. கொடுக்காமல் பிடித்துக்கொண்ட கூலி கூக்குரலிடுகிறது என்கிறது. இவற்றை எந்தக் குருவும் அந்த ஊருக்காகத் தேடி எடுக்கவில்லை. உலகம் முழுவதும் அன்று அதையே வாசித்தார்கள். இரண்டாம் வாசகத்தின் தனி ஓட்டத்தை நாம் ஏன் கண்டுகொள்ளாமல் விடக்கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று எனக்குத் தெரியாது. நற்செய்தி மட்டுமே என்று பழகியவர் இந்த இரண்டு ஞாயிறையும் தவறவிட்டிருப்பார்.

வாசகத்தை மாற்றிவிடலாமா?

பேரிடர் நேரங்களில் இந்தக் கேள்வி வரும். ஞாயிறு வாசகங்களை நம் விருப்பத்துக்கு மாற்றக்கூடாது. விதியைத் தாண்டி இன்னொரு காரணமும் எனக்கு இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து தொழிலாளர் குடியிருந்த லயங்கள் புதைந்தன. எழுபது உயிர்கள் போயின. ஆகஸ்ட் 9 ஞாயிறுக்கு, வாசக நூலில் எப்போதோ அச்சாகியிருந்த முதல் வாசகம் 1 அரசர்கள் 19ஆம் அதிகாரம். பெருங்காற்று மலைகளைப் பிளந்து பாறைகளைச் சிதறடிக்கிறது. ஆண்டவர் அந்தக் காற்றில் இல்லை. நிலநடுக்கம் வருகிறது, ஆண்டவர் அதிலும் இல்லை. நாமே தேடியிருந்தால், மலை பிளக்கும் வாசகத்தை அந்த வாரம் எடுக்கத் துணிந்திருக்க மாட்டோம். மென்மையான ஆறுதல் வசனம் ஒன்றைத்தான் எடுத்திருப்போம். ஆனால் அந்த மக்கள் மனத்தில் எரிந்த கேள்விக்கு, கடவுள்தான் மலையைச் சரித்தாரா என்பதற்கு, மறுமொழி அந்த வாசகத்தில் இருந்தது.

அப்படிப்பட்ட நாளில் மறையுரை சுருக்கமாக இருக்கட்டும். வாசகத்தை மறுபடி ஒருமுறை மெதுவாக வாசித்து, அந்த “இல்லை” என்ற சொல்லில் நின்றாலே போதும். விளக்கம் நீளநீளக் காயம்தான் பெரிதாகும்.

19ஆம் ஞாயிறும் 20ஆம் ஞாயிறும்

19ஐ நான் எலியாவுக்கே கொடுத்துவிடுகிறேன். சூரைச் செடியின் அடியில் படுத்து, சாக வேண்டும் என்று கேட்கிறார். வானதூதர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. எழுந்து சாப்பிடு என்கிறார். எலியா சாப்பிடுகிறார், குடிக்கிறார், மறுபடியும் படுத்துக்கொள்கிறார். இரண்டாம் முறையும் தட்டி எழுப்பி, சாப்பிடு, பயணம் நீண்டது என்கிறார். ஐந்து வசனம்தான். சாகத் தோன்றும் அளவுக்குக் களைத்தவர்கள் எல்லாப் பங்கிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த வாரம் நேராகப் பேச முடியும். மறையுரை முடிந்ததும் யாராவது தயங்கி நின்றால் அவருக்கு நேரம் கொடுங்கள். அன்று அடுத்த கிளைப்பங்குக்குத் தாமதமாகப் போனாலும் பரவாயில்லை.

20ஆம் ஞாயிறு நற்செய்தியையே எடுக்க வேண்டும். நற்கருணையை முழுமையாகப் பேசும் இடம் இதுதான். ஐந்தில் இந்த ஒன்றில் மட்டும். சதையை உண்பது, இரத்தத்தைக் குடிப்பது என்ற பேச்சை மழுப்பாதீர்கள். இரத்தத்தை உண்ணக்கூடாது என்பது யூதச் சட்டம். கேட்டவர்கள் தங்களுக்குள் வாக்குவாதம் செய்ததில் வியப்பில்லை. 54ஆம் வசனத்திலிருந்து கிரேக்க மூலத்தில் “உண்” என்ற வழக்கமான வினைக்குப் பதிலாக, மெல்லுதல், கடித்துத் தின்னுதல் என்ற பொருள்தரும் சொல் வருகிறது. எதிர்ப்பு எழுந்த பிறகு இயேசுவின் பேச்சு தளரவில்லை, இறுகுகிறது. இதைச் சொன்னால் அடுத்த வாரம் சீடர்கள் பலர் ஏன் போய்விடுகிறார்கள் என்பது விளங்கும்.

கிறிஸ்துவின் திருவுடல் திருஇரத்தப் பெருவிழா சில வாரங்களுக்கு முன்புதான் முடிந்திருக்கும். அன்று என்ன பேசினீர்கள் என்ற குறிப்பை எடுத்துப் பாருங்கள். பாஸ்காக் காலம் இரண்டாம் வாரக் கடைசியிலும் மூன்றாம் வார நாள்களிலும் யோவான் 6 ஏறக்குறைய முழுதாக வாசிக்கப்படுகிறது. ஆக, நாள்தோறும் திருப்பலிக்கு வரும் பத்துப் பேர் இதை அந்த ஆண்டில் இரண்டாம் முறை கேட்கிறார்கள்.

21ஆம் ஞாயிறு: எபேசியர் 5

நற்செய்தியில் பலர் இயேசுவை விட்டு விலகுகிறார்கள். யோசுவா மக்களை நிறுத்தி, யாருக்கு ஊழியம் செய்வீர்கள் என்று கேட்கிறார். இரண்டும் அழகாகப் பொருந்துகின்றன. ஆனால் நடுவில் எபேசியர் 5 வாசிக்கப்படுகிறது: மனைவியர் கணவருக்குப் பணிந்திருக்க வேண்டும். வாசகர் அந்த வரியை வாசிக்கும்போது ஆண்கள் பக்கம் ஒரு சலசலப்பும், பெண்கள் பக்கம் ஓர் இறுக்கமும் எழுவதைப் பீடத்திலிருந்தே பார்க்கலாம். ஆடி முடிந்து ஆவணி பிறந்திருக்கும் நாள்கள் வேறு; திருமண ஓலைகள் வாசிக்கப்படும் காலம்.

என் முடிவு இது. ஒரு வாசகம் செவியில் விழுந்த பின் மக்கள் வேறெதையும் கேட்க மாட்டார்கள் என்றால், உங்கள் மறையுரை எதைப் பற்றியதாக இருந்தாலும் அதைத் தொட்டே ஆக வேண்டும். தொடாமல் விட்டால், வீட்டுக்குப் போனதும் குடித்துவிட்டு வந்த ஒருவன் அதற்கு உரை சொல்வான். இரண்டு நிமிடம் போதும். 21ஆம் வசனத்திலிருந்து தொடங்குங்கள்: ஒருவருக்கொருவர் பணிந்திருங்கள் என்று இருவருக்கும் பொதுவாகச் சொல்கிறது. பழமையான கிரேக்கக் கைப்படிகள் சிலவற்றில் 22ஆம் வசனத்தில் “பணிந்திருங்கள்” என்ற வினையே இல்லை. முந்தின வசனத்திலிருந்து அது கடன் வாங்குகிறது. ஆகவே 21ஐ வெட்டிவிட்டு 22ஐ மேற்கோள் காட்டுபவர் வாக்கியத்தையே உடைக்கிறார். அடுத்து, கணவருக்குச் சொல்லப்பட்டதைப் படித்துக் காட்டுங்கள்: கிறிஸ்து தம்மையே ஒப்புவித்ததுபோல மனைவியிடம் அன்பு செலுத்த வேண்டும். அடிக்கிற கை இந்த வாசகத்தில் எங்கும் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். சொல்லும்போது ஆண்கள் பக்கம் பார்த்துச் சொல்லுங்கள்.

வழிபாடு நடத்தும் உபதேசியார்களுக்கு: இந்த ஞாயிறுக்குக் குருவிடம் எழுதி வாங்கிக்கொண்டு போய் வாசியுங்கள். லயத்தில் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றித்தான் பேசுகிறீர்கள் என்ற பேச்சு எழுந்தால், அதைத் தாங்க வேண்டியவர் குரு, நீங்கள் அல்ல.

2027க்கான தாள்

17ஆம் ஞாயிறு ஜூலை 25, 18ஆம் ஞாயிறு ஆகஸ்ட் 1, 19ஆம் ஞாயிறு ஆகஸ்ட் 8. அதற்கடுத்த ஞாயிறு ஆகஸ்ட் 15, அன்னையின் விண்ணேற்புப் பெருவிழா. பெருவிழா வாசகங்கள் 20ஆம் ஞாயிறின் இடத்தை எடுத்துக்கொள்ளும். சதை, இரத்தம் பற்றிய யோவான் 6:51-58 அந்த ஆண்டு ஞாயிறு திருப்பலியில் வாசிக்கப்படாது. ஆகஸ்ட் 22 அன்று நேராக 60ஆம் வசனத்தில் தொடங்கும்: இந்தப் பேச்சை ஏற்பது கடினம் என்று சீடர் பலர் சொல்கிறார்கள். எந்தப் பேச்சு என்று மக்களுக்குத் தெரியாது, ஏனெனில் அவர்கள் அதைக் கேட்கவே இல்லை.

ஆகவே நான் போட்டிருக்கும் திட்டம்: நற்கருணை மறையுரையை ஆகஸ்ட் 8க்கு முன்னே கொண்டுவருகிறேன். அன்றைய பகுதி 51ஆம் வசனத்தில், நான் தரும் உணவு எனது சதை என்ற சொல்லோடுதான் முடிகிறது. அதைப் பிடித்துக்கொண்டால் போதும். எலியாவை அதற்காக விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது, வருத்தம்தான். ஆகஸ்ட் 15 அன்று மரியாவின் பாடலில் “பசித்தோரை நலன்களால் நிரப்பியுள்ளார்” என்ற அடி இருக்கிறது. அப்பத்தின் இழை அறாமல் இருக்க அந்த ஓர் அடியையே எடுப்பேன். ஆகஸ்ட் 22 அன்று நற்செய்திக்கு முன்னுரையாக, விடுபட்ட எட்டு வசனங்களின் கருத்தை நான்கு வாக்கியத்தில் சொல்லிவிட்டு வாசிப்பேன். அன்று எபேசியர் 5க்கான இரண்டு நிமிடமும் வேண்டும் என்பதால், யோசுவாவைத் தொடப்போவதில்லை.

ஆகஸ்ட் 29 அன்று மாற்கு திரும்புகிறார், யாக்கோபு தொடங்குகிறார். அதற்கு ஐந்து ஞாயிறுக்கான புதிய தாளை ஆகஸ்ட் முதல் வாரமே எழுதி வைத்துவிடுங்கள். யாக்கோபு 5 வரும் செப்டம்பர் 26க்கு, கூலி ஒப்பந்தம் எந்த நிலையில் இருக்கிறது என்று முன்கூட்டியே மக்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ள நேரம் இருக்கும்.